57எஃப்4 சலானை எடுத்தோம், 2001ஐ மாத்தல: 54 வயசு அக்கவுண்ட்ஸ் மேனேஜரோட ரெஸ்யூமே கதை

எங்க எதிர்வீட்டு அண்ணனுக்கு 54 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 2001ல சேந்தாரு, 2023 டிசம்பர்ல அந்த யூனிட்ட மூடினப்போ அக்கவுண்ட்ஸ் மேனேஜரா வெளிய வந்தாரு. நான் காந்திபுரத்துல ஒரு மேன்பவர் கன்சல்டன்சில ஆறு வருஷம் உக்காந்து வர்ற ரெஸ்யூமேக்கள ஃபில்டர் பண்ணி எடுத்தவன், அதனால அவரு என்கிட்ட வந்ததுல ஆச்சரியம் இல்ல, ஆனா வந்தது லேட். அதுக்குள்ள ஒரு தடவ நல்லா சூடு பட்டுட்டாரு.

என்ன நடந்துச்சுன்னா, மொத நாலு மாசம் அவரே அடிச்ச நாலு பக்க ரெஸ்யூமேவ எல்லாருக்கும் அனுப்பியிருக்காரு, ஒரு போன் கூட வரல. அப்புறம் ஆன்லைன்ல ரெஸ்யூமே எழுதித் தர்றோம்னு சொன்ன ஒருத்தர்கிட்ட காசு குடுத்திருக்காரு. அவரு ஒரே பக்கமா அழகா பண்ணிக் குடுத்துட்டாரு, பத்தே நாள்ல இன்டர்வியூ, அடுத்த வாரம் ஆஃபர் லெட்டர், வீட்ல ஸ்வீட் எல்லாம் வாங்கிட்டாங்க. டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்ல எல்லாம் போச்சு. ரெஸ்யூமேல பம்ப் கம்பெனில சேந்தது 2012ன்னு இருந்துச்சு, ரிலீவிங் லெட்டர்ல 2001. ரெஸ்யூமேல பி.காம் 2001ன்னு இருந்துச்சு, மார்க்‌ஷீட்ல 1991. ரெண்டு வரில ஒரு மெயில், ஆஃபர வாபஸ் வாங்கறோம்னு. அண்ணன் அந்த ரெஸ்யூமேவ சரியா படிச்சுக் கூட பாக்கல, அதான் கொடுமை.

"நான் பொய் சொல்லலையே தம்பி, எழுதிக் குடுத்தவன் சொன்னான்"னாரு. இல்லைங்கண்ணா, உங்க பேர் போட்ட பேப்பர் உங்க வாக்குமூலம், எழுதிக் குடுத்தவர யாரும் தேட மாட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமயே உக்காந்திருந்தாரு.

ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த ரெஸ்யூமே எழுதினவரு பாதி சரியாத்தான் பண்ணியிருக்காரு. வயச காட்டற விஷயத்த எடுத்ததாலதான் பத்து நாள்ல போன் வந்துச்சு. தப்பு எங்கன்னா, எழுதாம விட வேண்டிய எடத்துல மாத்தி எழுதிட்டாரு. பி.காம் முடிச்ச வருஷத்த போடாமயே விட்டிருந்தா அது பொய் இல்ல, எந்த வருஷம்னு கேட்டா சொல்லிக்கலாம். 2001ன்னு போட்டா அது பொய். கிட்டத்தட்ட ஒரு மாசம் நாங்க உக்காந்து பண்ணது இந்த ஒரு வித்தியாசத்த ஒவ்வொரு வரியிலயும் பிடிச்சுத் தொங்கறதுதான்.

மொதல்ல அந்த பழைய நாலு பக்கத்த பாத்துடலாம், ஏன்னா ஏன் போன் வரலைங்கறது அதுலயே இருக்கு. மேல பாஸ்போர்ட் சைஸ் போட்டோ (டை அடிச்சுட்டு எடுத்தது, அது வேற கதை). அதுக்குக் கீழ ஆப்ஜெக்டிவ்னு ஒரு பத்தி, புகழ்பெற்ற நிறுவனத்துல என் முப்பது வருஷ அனுபவத்தை அர்ப்பணிக்கன்னு. மெயில் ஐடில பேருக்குப் பின்னாடி 70, அது பிறந்த வருஷம்னு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. எஸ்டிடி கோடோட லேண்ட்லைன் நம்பர். படிப்புல பத்தாவது 1986, பிளஸ் டூ 1988, பி.காம் 1991, டைப்ரைட்டிங் ஹையர். கம்ப்யூட்டர் அறிவுல லோட்டஸ் 1-2-3, பாக்ஸ்ப்ரோ, டேலி 5.4. கடைசி பக்கத்துல அப்பா பேரு, கல்யாணம் ஆயிடுச்சு, பசங்க ரெண்டு பேரு, மேலே கூறியவை அனைத்தும் உண்மைன்னு உறுதிமொழி, எடம், தேதி.

பிறந்த தேதிய மட்டும் அழிச்சுட்டா வயசு போயிடும்னு நிறைய பேரு நினைக்கறாங்க. இந்த பேப்பர்ல பிறந்த தேதி இருக்கற ஒரு வரிய அழிச்சாலும் மீதி பத்து எடத்துல அது உக்காந்திருக்கு. அதுலயும் எனக்கு ரொம்ப பிடிச்சது வேலை அனுபவத்துக்குள்ள இருந்த ஒரு வரி: '57எஃப்4 சலான் மெயின்டனன்ஸ்'.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். கோயம்புத்தூர்ல பம்ப், மோட்டார், காஸ்டிங் பண்றவங்க எல்லாரும் பொருள வெளிய ஜாப் வொர்க்குக்கு அனுப்புவாங்க, மெஷினிங் ஒரு எடம், பெயின்டிங் ஒரு எடம், பிளேட்டிங் ஒரு எடம்னு. டேக்ஸ் கட்டாம அப்படி அனுப்பறதுக்கு பழைய சென்ட்ரல் எக்சைஸ் ரூல்ல 57எஃப்(4)ன்னு ஒரு விதி இருந்துச்சு, அந்த சலானுக்கு அந்த பேரே நின்னுடுச்சு. அந்த 1944 ரூல்ஸே போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, 2017 ஜூலை 1க்கு அப்புறம் பெரும்பாலான பொருளுக்கு எக்சைஸே இல்ல, ஆனா இன்னிக்கும் ஷாப்ளோர்ல பெரியவங்க 57எஃப்4 போட்டாச்சான்னுதான் கேப்பாங்க. அண்ணனும் அப்படித்தான். ஆனா 2023 டிசம்பர் வரைக்கும் அவரு நிஜமா பண்ணது என்னன்னா ஜிஎஸ்டி சட்டம் 143வது பிரிவுல டெலிவரி சலான் போட்டு அனுப்பறது, அனுப்பின இன்புட் ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வருதான்னு பாக்கறது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அந்த ஜாப் வொர்க் கணக்க காட்டற ITC-04 பாரத்த ஃபைல் பண்றது. இன்னைக்கு தேதிக்கு முழுசா உயிரோட இருக்கற வேலை. அதுக்கு செத்துப்போன பேர போட்டதால, படிக்கற 28 வயசு எச்ஆர் பொண்ணுக்கு அது என்னன்னே தெரியாது, வேலை விளம்பர போஸ்டிங்ல இருக்கற வார்த்தையோட பொருந்தாது, அதுவே தெரிஞ்ச ஃபைனான்ஸ் ஹெட் படிச்சா 'ஓ அந்தக் காலத்து ஆளு'ன்னு ஒதுக்கிடுவாரு. ரெண்டு பக்கமும் அடி.

நான் ஆறு வருஷத்துல பாத்த வரைக்கும் ஐம்பது தாண்டினவங்க ரெஸ்யூமேல வயசு ஒளிஞ்சிருக்கறது பாதி நேரம் இந்த மாதிரி எடத்துலதான். வேலை புதுசு, பேரு பழசு. இத மாத்தறதுல ஒரு துளி பொய் கூட இல்ல, சொல்லப்போனா பழைய பேர போட்டதுதான் தப்பான தகவல்.

நாங்க எடுத்துக்கிட்ட போஸ்டிங் ஒரு காஸ்டிங் யூனிட்டோடது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர், 10 முதல் 15 வருஷ அனுபவம், உற்பத்தி நிறுவனத்துல இருந்திருக்கணும், TallyPrime, மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், GSTR-2B ஒப்பீடு, இ-இன்வாய்ஸ், இ-வே பில், ஜாப் வொர்க் கணக்கு, பேங்க் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு மாசமும் 7ம் தேதிக்குள்ள எம்ஐஎஸ் ரிப்போர்ட், நாலு பேர் டீம், SAP தெரிஞ்சா நல்லது. இத பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல அண்ணன நான் கேள்வி கேட்டு எழுதினேன். இத கடைசியா எப்போ பண்ணீங்க, எவ்வளவு பண்ணீங்க, கூட யாரு இருந்தாங்க, கேட்டா எந்த பேப்பர காட்டுவீங்க. நாலுக்கும் பதில் வந்தாத்தான் ரெஸ்யூமேல ஏறும்.

இ-இன்வாய்ஸ்னு கேட்டேன். "அதெல்லாம் பசங்க பண்ணுவாங்க தம்பி"ன்னாரு. அப்படியே விட்டிருந்தா அது வந்திருக்காது. தோண்டினா கதை வேற. கம்பெனி டர்ன்ஓவர் சுமார் 30 கோடி, 2022 ஏப்ரல் 1ல இருந்து 20 கோடி தாண்டினவங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆச்சு, அதனால அந்த மார்ச் மாசம் முழுக்க கஸ்டமர் ஜிஎஸ்டி நம்பர் ஒண்ணொண்ணா சரிபாத்து, எச்எஸ்என் கோடு சரி பண்ணி, TallyPrimeல இருந்தே ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஐஆர்என் நம்பர் வர்ற மாதிரி செட் பண்ணது அண்ணன்தான், பசங்க அதுக்கப்புறம் பட்டன் அமுக்கினாங்க. இந்த தலைமுறை ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம், தானே பண்ணத கூட தான் பண்ணேன்னு எழுத மாட்டாங்க, முப்பது வருஷ அனுபவம்னு மட்டும் பெருமையா எழுதுவாங்க. ரெஸ்யூமேல இப்போ அந்த வரி இப்படி இருக்கு: 2022 ஏப்ரல்ல இ-இன்வாய்ஸ் கட்டாயமானப்போ கஸ்டமர் மாஸ்டர், எச்எஸ்என் கோடு சரிபாத்து TallyPrimeல நேரடியா ஐஆர்என் வர்ற மாதிரி அமைச்சது. வருஷம் போட்டிருக்கோம் பாருங்க. எல்லா வருஷத்தையும் மறைக்கணும்னு இல்ல, சமீபத்து வருஷம் நமக்கு சாதகம்.

2B ஒப்பீடும் அதே மாதிரிதான். 2022 ஜனவரிக்கு அப்புறம் சப்ளையர் ஃபைல் பண்ணது நம்ம 2B பட்டியல்ல வந்தாத்தான் இன்புட் கிரெடிட் எடுக்க முடியும், அதனால மாசாமாசம் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2Bயையும் எக்செல்ல வச்சு ஒப்பிட்டு, வராத சப்ளையருக்கு போன் போட்டு, அவங்க பேமென்ட்ல டேக்ஸ் தொகைய மட்டும் நிறுத்தி வைக்கற வேலைய அண்ணன் பண்ணியிருக்காரு. பழைய ரெஸ்யூமேல இது 'சேல்ஸ் டேக்ஸ் ஒர்க்ஸ்' அப்படிங்கற ரெண்டு வார்த்தைக்குள்ள இருந்துச்சு. ஜிஎஸ்டிக்கு முந்தின டிஎன்ஜிஎஸ்டி, சி பாரம், 2007ல வந்த வேட், ஆர்ஜி-23 ரெஜிஸ்டர் எல்லாத்தையும் எடுத்தோம். பொய்யான்னா இல்ல, எந்த வேலைக்கு அப்ளை பண்றமோ அதுக்கு வேணாங்கறது. பழைய வேட் அசெஸ்மென்ட் கேஸ் இன்னும் நிலுவைல இருக்கற கம்பெனி அத பாக்க ஆள் தேடினா அன்னிக்கு அத மேல கொண்டு வரலாம், அங்க அது தங்கம்.

SAPய எழுதல. ஒரு தடவ டெமோ பாத்திருக்காரு அவ்வளவுதான். "பேசிக் நாலெட்ஜ்னு போடலாமா"ன்னு கேட்டாரு, நாலு கேள்வில மூணுக்கு பதில் இல்ல, வேணாங்கண்ணான்னு சொல்லிட்டேன். வயச மறைக்கற பதட்டத்துல ஆளுங்க விழற ரெண்டாவது குழி இது, புது சாப்ட்வேர் பேரெல்லாம் அடுக்கறது. இன்டர்வியூல SAPல ஒரு ஸ்கிரீன திறக்கற டி-கோடு கேட்டா முடிஞ்சது.

இப்போ கஷ்டமான எடத்துக்கு வர்றேன். 22 வருஷம் ஒரே கம்பெனி.

இதப்பத்தி நெட்ல கிடைக்கற அட்வைஸ் பெரும்பாலும் அமெரிக்கால இருந்து வர்றது. அங்க 1967லயே வேலைல வயச வச்சு பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு, இப்போ அது 40 வயசும் அதுக்கு மேலயும் இருக்கற எல்லாருக்கும் உண்டு, அதனால பிறந்த தேதி, போட்டோ கேக்கவே பயப்படுவாங்க, கடைசி 10-15 வருஷத்த மட்டும் போடுன்னு சொல்றதுக்கு அங்க அர்த்தம் இருக்கு. நம்ம ஊர்ல தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது, 35க்குள்ள வேணும்னு போஸ்டிங்லயே தைரியமா போடுவாங்க, அப்ளிகேஷன் பார்ம்ல பிறந்த தேதி கட்டாய கட்டம். அதனால கடைசி 15 வருஷம்னு கண்ண மூடிட்டு வெட்டினா நம்ம ஊர்ல அது பாதி வழிலயே மாட்டும். அதுவும் அண்ணன் மாதிரி ஒரே வேலை 2001ல இருந்து 2023 வரைக்கும் ஓடினா எங்க வெட்டறது? அந்த ரெஸ்யூமே எழுதினவரு நடுவுல வெட்டினாரு, அதான் ஆஃபர் போச்சு.

நாங்க பண்ணது, கம்பெனி பேருக்கு நேரா தேதியே போடல. பதவிக்கு நேரா போட்டோம். அண்ணன் 2012 ஏப்ரல்ல மேனேஜர் ஆனாரு, ப்ரமோஷன் லெட்டர் இருக்கு. அதனால மேல கம்பெனி பேரு, ஊரு, என்ன பண்ற கம்பெனி, டர்ன்ஓவர் எவ்வளவு. அடுத்த வரில மேனேஜர் அக்கவுண்ட்ஸ், ஏப்ரல் 2012 – டிசம்பர் 2023, அதுக்குக் கீழ ஏழு வேலை வரி. அதுக்கும் கீழ ஒரே வரில, இதே கம்பெனில இதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ் ஆபீசர், சீனியர் அசிஸ்டன்ட். அப்புறம் முந்தைய அனுபவம்னு ஒரு தலைப்பு, ஒரு ஸ்பின்னிங் மில்லுல அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட், ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆடிட் அசிஸ்டன்ட், ரெண்டுக்கும் தேதி இல்ல.

இதுல 'இதே கம்பெனில இதுக்கு முன்னாடி' அப்படிங்கற வரிதான் உயிர். அது இல்லாம விட்டா படிக்கறவங்க 2012ல சேந்தாருன்னு நினைப்பாங்க, அப்படி நினைக்க வைக்கறதும் பொய்தான், வார்த்தைல இல்லாட்டியும். அந்த வரி இருந்தா அவரு அதுக்கு முன்னாடியே அங்க இருந்தாருன்னு பேப்பரே சொல்லிடுது, எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லல. கேட்டா சொல்றோம். ரிலீவிங் லெட்டர்ல 2001ன்னு வந்தா ரெஸ்யூமேவோட மோதாது. நான் வச்சுக்கிட்ட சோதனை இதுதான்: இன்டர்வியூல நேரா கேட்டா, பேப்பர்ல இருக்கற எந்த வரியையும் திருத்தாம பதில் சொல்ல முடியுமா? முடிஞ்சா அது விட்டது, முடியலைன்னா அது மறைச்சது.

10 முதல் 15 வருஷம்ங்கற போஸ்டிங்குக்கு மேனேஜரா 11 வருஷத்துக்கு மேலன்னு சுருக்கத்துல எழுதினோம். மொத்த அனுபவம்னு ஒரு எண்ணும் போடல. 'மொத்தம் 11 வருஷம்'னு போட்டிருந்தா பொய், 'மேனேஜரா 11 வருஷம்' உண்மை. ஒரு வார்த்தைதான். அண்ணனுக்கு இதுல மனசு ஒத்துக்கல, மீதி இருபது வருஷம் சும்மாவான்னு கேட்டாரு, நியாயமான கோவம். எனக்கும் பதில் இல்ல. அவங்க மேனேஜர் வேலைக்கு ஆள் தேடறாங்கண்ணா, மில்லுல கேஷ் புக் எழுதினது அவங்களுக்கு வேணாம்னு சொன்னேன், அரை மனசாத்தான் சரின்னாரு.

மெஷின் பக்கமும் கொஞ்சம் பாக்கணும். ரெஸ்யூமே படிக்கற சாப்ட்வேர் நிறைய, கண்ணுல படற தேதிகள வச்சு மொத்த அனுபவத்த தானா கணக்கு போடும். பி.காம் பக்கத்துல 1991 இருந்தா சில நேரம் அதையும் சேத்துக்கும். அதனால படிப்புல பி.காம், பாரதியார் பல்கலைக்கழகம் அவ்வளவுதான், பத்தாவதும் பிளஸ் டூவும் எடுத்தாச்சு, டிகிரி முடிச்சவருக்கு அது எதுக்கு. முந்தைய பேப்பர்ல பக்கத்த நெடுக்க ரெண்டா பிரிச்சு, டேபிள் போட்டு, மொபைல் நம்பர் ஹெட்டருக்குள்ள இருந்துச்சு. பிடிஎஃப்ப திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொன்னேன், மேனேஜர் வேலை வரியெல்லாம் ஸ்கில்ஸ்க்குள்ள கலந்து குழம்பு மாதிரி வந்துச்சு, மொபைல் நம்பர காணோம். பக்கத்த பிரிக்காம, சாதா எழுத்துல மாத்தினதுக்கு அப்புறம் வரிசையா வந்துச்சு. ஃபைல் பேர்லயும் பழைய பிறந்த வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதயும் மாத்தி, மெயில் ஐடி புதுசா ஒண்ணு, பேரும் இனிஷியலும் மட்டும்.

அப்புறம் நிறைய பேரு மறக்கற ஒண்ணு, பிஎஃப் கணக்கு வச்சிருக்கற இபிஎஃப்ஓ. 2014ல யுஏஎன்னு ஆளுக்கு ஒரே பிஎஃப் நம்பர் வந்ததுக்கு அப்புறம் எந்த கம்பெனில எப்போ சேந்தோம் எப்போ வெளிய வந்தோம்னு மெம்பர் போர்ட்டல்ல சர்வீஸ் ஹிஸ்டரில இருக்கும், வெரிஃபிகேஷன் பண்றவங்க பாக்கறது அத. ரெஸ்யூமேல தேதி போடறதுக்கு முன்னாடி அத திறந்து பாத்துடுங்க. அண்ணன் ரெஸ்யூமேல ஜனவரி 2024 வரைக்கும்னு போட்டிருந்தாரு, ஏன்னா கணக்கு முடிச்சுக் குடுக்க ஜனவரி பாதி வரைக்கும் போயிட்டு வந்தாரு. பிஎஃப்ல வெளிய வந்த தேதி 31 டிசம்பர் 2023, ரிலீவிங் லெட்டர்லயும் அதேதான். டிசம்பர்னு மாத்தினோம். அந்த ஜனவரி அரை மாசத்துக்கு பேப்பரே இல்ல, பாவம் சும்மா உழைச்சிருக்காரு.

அதுக்கு அப்புறம் வர்ற காலி எடம். பிப்ரவரி 2024ல இருந்து கணபதில மூணு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு GSTR-1, GSTR-3B போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தாரு, இதெல்லாம் வேலையான்னு எழுதவே இல்ல. நான் மேல முதல் வரியா ஏத்தினேன்: ஃப்ரீலான்ஸ் ஜிஎஸ்டி ஃபைலிங், மூணு நிறுவனம், பிப்ரவரி 2024 முதல். கன்சல்டன்ட், ஃபவுண்டர், ப்ரொப்ரைட்டர்னு எல்லாம் பெருசா போடல. கேப் இல்லாம போச்சு, அதோட இப்போதைக்கு போர்ட்டல் தெரியும்ங்கறதுக்கும் அதே சாட்சி.

ஜாப் போர்ட்டல் விஷயத்துல நான் கொஞ்சம் தோத்துட்டேன்னுதான் சொல்லணும். ரெஸ்யூமேல மொத்த வருஷத்த விடலாம், போர்ட்டல் புரொஃபைல்ல மொத்த அனுபவம்னு கட்டம் கேக்குது, அங்க 32ன்னுதான் போட முடியும், 12ன்னு போட்டா அது நேரடி பொய். சில போர்ட்டல்ல ரெக்ரூட்டர் பக்கம் வயசு பில்டரே இருக்கு, நானே அந்தக் காலத்துல 45ன்னு போட்டு அமுக்கியிருக்கேன், கிளையன்ட் சொன்னா வேற என்ன பண்றது. 10-15ன்னு பில்டர் போட்டா 32 போட்டவரு லிஸ்ட்லயே வர மாட்டாரு, ரெஸ்யூமேவ எவ்வளவு அழகா பண்ணாலும் யாரும் திறக்கப்போறதில்ல. அதனால புரொஃபைல உண்மையா நிரப்பி அப்படியே விட்டுட்டோம், அதுல இருந்து போன் வரும்னு எதிர்பாக்கல. வேலை தேடினது நேரா மெயில் அனுப்பறது, பழைய ஆடிட்டர்கள், பேங்க் மேனேஜர்கள் மூலமா. இந்த வயசுல வேலை வாங்கறதுல முக்கால்வாசி இதுதான், ரெஸ்யூமே அவங்க ஃபார்வர்ட் பண்றதுக்கு ஒரு பேப்பர். லிங்க்டின்லயும் படிப்பு வருஷத்த எடுத்தோம், ஏன்னா ரெஸ்யூமேல இல்லாத 1991 அங்க இருந்தா, மறைக்கறாரோன்னு தோணும். அதிகபட்ச வயசு 40ன்னு வெளிப்படையா போட்ட போஸ்டிங்குக்கு அனுப்பவே இல்ல, அங்க பேப்பர எப்படி எழுதினாலும் ஒண்ணுதான்.

அந்த காஸ்டிங் யூனிட்டோட ஆடிட்டர் அண்ணனுக்கு தெரிஞ்சவரு. ஒண்ணரை பக்க ரெஸ்யூமே அவரு வழியா போச்சு. நாலாவது நாள் எச்ஆர் போன்ல கேட்ட ரெண்டாவது கேள்வியே மொத்தம் எத்தனை வருஷம் சார்னுதான். 32 வருஷம், மேனேஜரா கடைசி 11ன்னு நிறுத்தாம சொல்லச் சொல்லியிருந்தேன், சொல்லிட்டாரு. அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதியாம். சில எடத்துல அந்த அமைதியோட முடிஞ்சிருக்கும், அதுக்கு முந்தின வாரம் வேற ஒரு கம்பெனில அப்படித்தான் கூப்பிடறோம்னு சொல்லிட்டு விட்டுட்டாங்க. இங்க ரெஸ்யூமேல ஜாப் வொர்க், ITC-04 வரிய ஃபைனான்ஸ் ஹெட் ஏற்கனவே மார்க் பண்ணி வச்சிருந்ததால உள்ள கூப்பிட்டாங்க.

இன்டர்வியூல வந்த கேள்வி எல்லாம் ரெஸ்யூமே வரிகள்ல இருந்துதான். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல 90 நாள் தாண்டின பாக்கிய எப்படி காட்டுவீங்கன்னு கேட்டிருக்காங்க, பேங்க்ல எவ்வளவு எடுக்கலாம்னு பாக்கற ட்ராயிங் பவர் கணக்குல சேக்க மாட்டோம், தனியா காட்டுவோம்னு சொல்லியிருக்காரு. சிறு சப்ளையருக்கு 45 நாளுக்குள்ள காசு குடுக்காட்டி வருமான வரில என்ன ஆகும்னு கேட்டிருக்காங்க, அது வருமான வரி சட்டத்துல 43பி(எச்) பிரிவு, 2023-24 கணக்கு வருஷத்துல இருந்துதான் வந்தது, எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்னு சேத்தே சொல்லியிருக்காரு. SAP கேட்டாங்க, தெரியாதுங்க, கத்துக்கறேன்னு சொல்லிட்டாரு.

கடைசில வந்தது 58. அங்க ரிடையர்மென்ட் 58, நாலு வருஷத்துக்கு ஒருத்தர எடுக்கணுமான்னு எம்.டி. நேராவே கேட்டிருக்காரு. பி.காம் வருஷத்த எடுத்ததெல்லாம் இந்த நாற்காலி வரைக்கும் கொண்டு வரத்தான், இந்த கேள்விய அது தடுக்காது. நாங்க முன்னாடியே பேசி வச்சிருந்த பதில், அந்த டீம்ல இருக்கற நாலு பேர்ல ஒருத்தர மூணு வருஷத்துல மேனேஜர் ஆக்கிக் காட்டறேங்க, பம்ப் கம்பெனில அப்படி ரெண்டு பேர பண்ணியிருக்கேன்னு. அது நிஜம், அதுல ஒரு பையன் இப்போ வேற எடத்துல அக்கவுண்ட்ஸ் ஹெட், அவன் நம்பரையே ரெஃபரன்சா குடுத்தோம். மூணு வருஷ கான்ட்ராக்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க, பழைய சம்பளத்த விட மாசம் எட்டாயிரம் கம்மி. அண்ணி மொகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா சேந்துடுங்கன்னுதான் சொன்னாங்க.

சேந்த அன்னிக்கு பிஎஃப்க்கு பாரம் 11 குடுத்தாங்க. பிறந்த தேதி, பழைய யுஏஎன், பழைய கம்பெனில இருந்து வெளிய வந்த தேதி எல்லாம் அதுல கேக்கும். 1970ன்னு எழுதிட்டு, வெளிய வந்த தேதி கட்டத்துக்கு வந்தப்போ எனக்கு போன் போட்டாரு, "தம்பி, டிசம்பர் 31தானே போட்டோம்?"னு. ஆமாங்கண்ணா, அதேதான்னு சொன்னேன்.